மீல் மேக்கரா, பாலா, வே பவுடரா? முதலில் காலை இட்லியைப் பாருங்கள்

எங்கள் ஜிம்முக்கு வரும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு டப்பா வே பவுடர், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி, வாங்கக் கிளம்பினான். வயது 24, எடை 68 கிலோ, திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். வீட்டில் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஏழு மாதமாக ஒழுங்காக வருகிறான், ஆனால் இரண்டு மாதமாக பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு கிலோகூட ஏறவில்லை. "அண்ணே, பவுடர் வாங்கிடட்டுமா, இல்ல பருப்பே போதுமா?" என்று கேட்டான். வாங்குவதற்கு முன்னால் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று சொல் என்றேன். அங்கிருந்துதான் இந்தக் கணக்கு ஆரம்பித்தது.

காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி, ஒரு காபி. இட்லிக்கு 2 கிராம் புரதம் வீதம் 8, சாம்பாரில் 3, காபியில் இருக்கும் பாலில் 3, சட்னியில் 1. மொத்தம் 15. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். இது 16. சாயங்காலம் டீயும் ஒரு பருப்பு வடையும், 6. இரவு மூன்று சப்பாத்தி, குருமா, படுக்கும்முன் ஒரு டம்ளர் பால், 20. கூட்டினால் 57 கிராம்.

இந்த 57 மோசமான எண் இல்லை. எடை தூக்காத சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு கிலோவுக்கு 0.83 கிராம். 68 கிலோவுக்கு அது 56 வருகிறது. ஆக நம் வீட்டுச் சாப்பாடு வீட்டில் இருப்பவர்களுக்குச் சரியாகவே இருக்கிறது. எடை தூக்குகிறவனுக்குத்தான் போதாது. தசை வளர்வதற்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் கிடைத்த எண். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் அவ்வளவாகக் கூடுவதில்லை. தம்பிக்கு அது 109. இருப்பது 57 என்றால், தேவைக்குச் சரிபாதிதான் உள்ளே போகிறது. பெஞ்ச் பிரஸ் நின்றதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு வேறு காரணம் தேடுவதில் அர்த்தம் இல்லை.

அந்த 50 சொச்சம் கிராமை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி. கடையில் எல்லாவற்றின் மேலும் "புரதம் நிறைந்தது" என்று எழுதியிருக்கிறது. நான் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: உன்னிடமிருந்து 25 கிராம் புரதம் வேண்டுமென்றால் கூடவே எத்தனை கலோரியை என் தலையில் கட்டுவாய், எவ்வளவு பணம் கேட்பாய்?

நிலக்கடலையைக் கேளுங்கள். 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதம் இருப்பது உண்மை. கூடவே 49 கிராம் கொழுப்பும் வருகிறது, கலோரி 560-ஐத் தாண்டுகிறது. பீனட் பட்டரும் இதே கடலைதான், அரைத்ததால் புரதம் கூடிவிடாது. கடலையைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவைத்து, கிடைக்கும் புரதத்தைக் கொசுறாக எடுத்துக்கொள்வதுதான் சரி.

துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22. ஆகவே 25 கிராம் புரதத்துக்கு 115 கிராம் பச்சைப் பருப்பு வேண்டும், கலோரி 390 போல வரும். காகிதத்தில் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். அந்தப் பருப்பை வேகவைத்துப் பாருங்கள். கெட்டியாகவே முந்நூறு கிராமுக்கு மேல் நிற்கும், ஒரு ஆள் ஒரு வேளைக்கு உட்கார்ந்து தின்று முடிக்கிற அளவு இல்லை. நாம் தட்டில் ஊற்றிக்கொள்கிற ஒரு கரண்டி சாம்பாரில் 15 கிராம் பருப்பு இருந்தாலே அது தாராளமான வீடு. "நாங்க தினமும் பருப்பு சாப்பிடுறோம்" என்று சொல்லும்போது இதை மறந்துவிடுகிறோம்.

பன்னீரில் 100 கிராமுக்கு 18 முதல் 20. 25 கிராமுக்கு 135 கிராம் பன்னீர் வேண்டும், கலோரி ஏறத்தாழ 390, அதில் பெரும்பகுதி கொழுப்பு. நான் வாங்கும் கடையில் இதற்கு அறுபது ரூபாய் ஆகிறது. ருசிக்காக வாரம் இரண்டு நாள் சரி. தினசரிக் கணக்கில் பன்னீரை நம்பினால் பர்ஸும் இடுப்பும் சேர்ந்தே பிரச்சினை கொடுக்கும். இன்னொன்று, உதிரியாக மலிவு விலையில் கிடைக்கும் சிலவற்றில் பாலுக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டில் "அனலாக்" என்று இருந்தால் அது பன்னீர் இல்லை, புரதமும் லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டோன்டு பாலில் 100 மில்லிக்கு 3.1 அல்லது 3.2. 25 கிராமுக்கு 800 மில்லி குடிக்க வேண்டும், கலோரி 460 போல. ஒரே மூச்சில் முடியாது, ஆனால் பால் ஒரே மூச்சில் குடிக்கிற சாமானும் இல்லையே. காபியில் கொஞ்சம், தயிராகக் கொஞ்சம், இரவில் ஒரு டம்ளர் என்று நாள் முழுக்கச் சிதறி உள்ளே போய்விடும். சைவர்களுக்குப் பால்தான் பெரிய பலம் என்பேன். பால் புரதத்தில் தசையைக் கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருக்கிறது. பருப்பிலும் சோயாவிலும் ஏழு எட்டுதான். அதனால்தான் பருப்போடு ஒரு கப் தயிர் சேர்ந்தால் அந்த வேளை பலமாகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அப்புறம் மீல் மேக்கர். சோயாவிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது. உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம், கொழுப்பு அரைக் கிராம்தான். 25 கிராம் புரதத்துக்கு 48 கிராம் உருண்டை போதும், கலோரி 170-ஐத் தாண்டாது, கிலோ 160 ரூபாய்க்கு வாங்கினால் எட்டு ரூபாய்கூட ஆகாது. இந்தப் பட்டியலில் வேறெதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது. வே பவுடர் கலோரியில் இன்னும் குறைவு, 130-க்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு ஸ்கூப்புக்கு எண்பது ரூபாய் ஆகிறது, நான் சொல்வது நடுத்தர விலை டப்பா.

பட்டியலில் சேர்க்காமல் விட்டவை இரண்டு உண்டு, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சத்துமாவு பெரும்பாலும் தானியம்தான், பெயரில் சத்து இருப்பதால் புரதம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். முளைகட்டிய பயறு நல்லதுதான், ஆனால் முளைத்ததால் புரதம் கூடுவதில்லை. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதால் 100 கிராமில் இருக்கும் புரதம் குறைந்தே போகும்.

மீல் மேக்கரில் நான் செய்த தப்பு

கணக்கு சுலபமாக இருப்பதாலேயே இதில் ஏமாறுவதும் சுலபம். சில வருடங்களுக்கு முன் நானே இரண்டு மாதம் ஏமாந்தேன். காலையில் உருண்டைகளை ஊறவைத்துப் பிழிந்து, அதை 100 கிராம் தராசில் நிறுத்து, நோட்டில் "52" என்று எழுதிக்கொண்டிருந்தேன். லேபிளில் இருக்கும் 52 உலர்ந்த உருண்டைக்கு. ஊறிப் பிழிந்தபின் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். நான் தின்றது 17 கிராம் புரதம், எழுதியது 52. நாளைக்கு 35 கிராம் வீதம் நோட்டு மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் இதே தப்பு நடக்கும். எப்போதும் அடுப்புக்குப் போகும்முன், உலர்ந்த நிலையில் நிறுங்கள்.

வேகவைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே குழம்பில் போட்டால் அந்தச் சோயா வாடை போகாது, வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றி, கை பொறுக்கும் சூடானதும் ஒரு பிடி அள்ளி நன்றாகப் பிழியுங்கள். மஞ்சள் கலந்த கலங்கல் நீரும் நுரையும் வரும். மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். மூன்றாவது தடவை தண்ணீர் ஓரளவு தெளிந்துவிட்டால் போதும். அதன்பின் மிளகுத்தூள், வெங்காயம் போட்டு எண்ணெயில் சுருளச் சுருள வதக்கினால் வாடை தெரியாது. பிழியாமல் விட்ட உருண்டை மசாலாவை இழுக்காது, வெளியே காரமும் உள்ளே வெறும் தண்ணீருமாக இருக்கும்.

ஆண்கள் சோயா தின்றால் ஹார்மோன் கெடும் என்ற பேச்சு ஜிம்மில் ஓயாமல் சுற்றுகிறது. ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, 2010-இலும் சரி 2021-இலும் சரி, டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை என்றுதான் வந்தது. 2021-இல் பிரேசிலில் ஓர் ஆய்வு நடந்தது. அசைவம் சாப்பிடும் இளைஞர்களையும் விலங்குப் பொருள் எதையும் தொடாத இளைஞர்களையும் 12 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், ஒரு பக்கம் குறைகிற அளவை வே பவுடரால் நிரப்பினார்கள், மறுபக்கம் சோயா பவுடரால். தசையிலும் பலத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. நாம் பாலும் தயிரும் வேறு குடிக்கிறோம், கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரே எச்சரிக்கை, தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும், மாத்திரை உடம்பில் சேர்வதைச் சோயா குறைக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் இருக்கும் எந்த எண்ணையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மூன்று வழிகள்

தம்பிக்கு மூன்று வழிகளை எழுதிக் காட்டினேன்.

முதல் வழி, பவுடரும் வேண்டாம் சோயாவும் வேண்டாம், அம்மா சமையலையே கூட்டுவது. இருக்கிற சாப்பாட்டின் மேல் 100 கிராம் பருப்பு, 50 கிராம் கடலை, அரை லிட்டர் பால். புரதம் 51 கிடைத்துவிடும். ஆனால் கலோரி 900-க்கு மேல் கூடும். என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாத ஒல்லிப் பையனுக்கு இது அருமையான வழி. தம்பிக்கு ஏற்கெனவே லேசாகத் தொப்பை எட்டிப் பார்க்கிறது. அவன் இந்த வழியில் போவதானால் சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அதற்கு அவன் தயாரில்லை. பருப்பை ஒரேயடியாக 100 கிராம் கூட்டினால் வயிறு வேறு பேச ஆரம்பிக்கும்.

இரண்டாவது வழி, 50 கிராம் மீல் மேக்கர், அரை லிட்டர் டோன்டு பால் அல்லது தயிர், 50 கிராம் பொட்டுக்கடலை. 26, 16, 11 என்று 53 கிராம் வந்துவிடும். கலோரி 650 போல. செலவு நாளைக்கு முப்பத்தைந்து ரூபாய்.

மூன்றாவது, ஒரு ஸ்கூப் வே, 30 கிராம் மீல் மேக்கர், 400 மில்லி பால். புரதம் அதே 52, கலோரி 470, செலவு நூறு ரூபாய். மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 180 கலோரியையும் கொஞ்சம் சமையல் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறோம். எடையைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்றப் பார்க்கிறவனுக்கும், மெஸ்ஸில் சாப்பிடும் ஹாஸ்டல் பையனுக்கும் அது நியாயமான விலை. வீட்டில் அடுப்பு இருக்கிறவனுக்கு இல்லை. என் ஓட்டு இரண்டாவது வழிக்கு.

பவுடர்தான் வேண்டும் என்று தீர்மானித்தால் பெயரையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் அதில் லூசின் இரண்டரை கிராம் போல இருக்க வேண்டும். அது இரண்டுக்குக் கீழே இருந்து, சேர்மானத்தில் கிளைசின், டாரின் என்று தனியாகப் பெயர்கள் வந்தால், மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து புரத எண்ணை ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். "மாஸ் கெய்னர்" என்று பெரிய டப்பாவில் வருவது பெரும்பாலும் சர்க்கரை வகை மாவு, அதற்குக் கொடுக்கும் பணத்தில் வருடம் பூராவும் வாழைப்பழம் வாங்கலாம்.

எந்த வேளையில் பள்ளம்?

எதைத் தின்பது என்பதில்தான் எல்லோரும் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அது எந்த வேளையில் போய் உட்கார்கிறது என்பது. தம்பியின் பழைய கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 15, 16, 6, 20. தசைக்கு ஒரு வேளை உருப்படியாகப் பயன்பட வேண்டுமென்றால் கிலோவுக்கு 0.4 கிராம் வரை இருக்கட்டும் என்பார்கள். 68 கிலோவுக்கு 27 கிராம். நான்கு வேளையில் ஒன்றுகூட அந்தக் கோட்டைத் தொடவில்லை. இந்த நிலையில் அவன் வே வாங்கியிருந்தால் எப்போது குடித்திருப்பான்? எல்லோரையும் போல ஜிம் முடிந்ததும், லாக்கர் பக்கத்தில் நின்று குலுக்கி. ஏழரைக்கு ஜிம் முடிகிறது, எட்டரைக்கு வீட்டில் சாப்பாடு. ஓரளவு நன்றாக இருக்கிற இரவு வேளைமேலேயே இன்னும் 24 கிராமைக் கொட்டுவது போலத்தான் அது. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பது பழைய பயம். முன்னும் பின்னும் ஓரளவு சாப்பிட்டிருந்தால் அந்த அவசரம் தேவையில்லை. பவுடர் வாங்கினால் அதைக் காலை இட்லிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பிரித்துச் சாப்பிடுவதில் எவ்வளவு லாபம் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களே ஒரே பக்கம் இல்லை. 2014-இல் ஒரு சிறிய ஆய்வில் ஒரே ஆட்களுக்கு 90 கிராம் புரதத்தை ஒரு வாரம் மூன்று வேளையும் முப்பது முப்பதாகவும், இன்னொரு வாரம் 10, 15, 65 என்றும் கொடுத்தார்கள். சமமாகப் பிரித்தபோது ஒரு நாளில் தசைப் புரதம் உருவாவது 25 சதவீதம் கூடியிருந்தது. அதில் இருந்தவர்கள் எட்டே பேர். 2023-இல் நெதர்லாந்தில் வேறொன்று நடந்தது. பயிற்சி முடிந்ததும் ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 25 கிராமுக்கு மேல் வீண் என்று நினைத்தது சரியில்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உடம்பு அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. என் புரிதல் இதுதான். நாள் மொத்தம்தான் முதல் கணக்கு, பிரிப்பது அடுத்தது. ஆனால் நம்மைப் போன்ற சைவர்களுக்கு இரண்டும் தனித்தனி இல்லை. கோழி தின்கிறவன் ஒரு வேளையில் 60 கிராமை முடித்துவிட்டுப் போகலாம். மீல் மேக்கரும் பருப்பும் தயிருமாக 60 கிராமை ஒரே இலையில் வைத்தால் வயிறு இடம் கொடுக்காது. பிரித்தால்தான் மொத்தமே வரும்.

தம்பியின் அம்மாவுடன் உட்கார்ந்து போட்ட புது அட்டவணை இது. காலையில் மூன்று இட்லி, கெட்டி சாம்பார். சட்னியில் தேங்காயைக் குறைத்து 30 கிராம் பொட்டுக்கடலை. இட்லியோடு 250 மில்லி பால், பிறகு வழக்கமான காபி. 6, 4, 6.5, 8, 3 என்று 27.5 வருகிறது. பவுடர் இல்லாமலே காலைப் பள்ளம் மூடிவிட்டது. மதியம் டிபன் பாக்ஸில் சோறு கொஞ்சம் குறைந்து, 30 கிராம் மீல் மேக்கர் வறுவல் ஏறியது. சாம்பாரும் தயிரும் சேர்த்து 28. நாலரை மணிக்குக் கடையில் காபியோடு 60 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல், 15. ஜிம் ஆறரைக்கு என்பதால் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது, ஸ்குவாட் போடும்போது சுண்டல் தொண்டைக்கு வராது. இரவு மூன்று சப்பாத்தி, 25 கிராம் மீல் மேக்கர் போட்ட குருமா, தயிர்ப் பச்சடி, படுக்கும்முன் 250 மில்லி பால், 34.

கூட்டினால் 105 வருகிறது, கிலோவுக்கு 1.5-க்குச் சற்று மேல். 109-ஐத் தொடவில்லை, தொடவைக்க நான் மெனக்கெடவும் இல்லை. இட்லி அளவும் பால் தண்ணீர் கலப்பும் வீட்டுக்கு வீடு மாறுகிற இடத்தில் நாலு கிராம் துல்லியத்துக்கு மதிப்பில்லை.

முதல் வாரத்தில் மீல் மேக்கர் இரண்டு வேளையும் வேண்டாம், ஒரு வேளை மட்டும் போடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நார்ச்சத்து சட்டென்று ஏறினால் வாயு பிடிக்கும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை அடைல அரைச்சுப் போட்டுடறேன்." இது எனக்கே தோன்றாத யோசனை. ஒரு ஆளுக்கு 40 கிராம் அரிசி, 60 கிராம் பலவகைப் பருப்பு என்று ஊறவைத்த அடையில் 16 கிராம் புரதம் இருக்கும். 25 கிராம் மீல் மேக்கரை வெந்நீரில் போட்டுப் பிழிந்து அதே மாவில் கொரகொரப்பாக அரைத்தால் 29 ஆகிவிடுகிறது. பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் தாராளமாக இருந்தால் சொன்னால் ஒழியத் தெரியாது. கொஞ்சம் சீக்கிரம் கருகும், அடுப்பைத் தணித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அரிசியும் பருப்பும் ஒரே வேளையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அரிசியில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு நாளில் எப்போதாவது கொடுத்தாலே போதும். அடையில் அது தானாக நடந்துவிடுகிறது.

இது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி உதவாது. வாரம் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை, வாரம் ஒரு நாள் தொப்புளைச் சுற்றி டேப், ஜிம் நோட்டில் செட் கணக்கு. ஆறு வாரத்தில் எடையும் இடுப்பும் சேர்ந்து ஏறி, தூக்கும் எடை ஏறாவிட்டால் கலோரி அதிகம், பாலையோ கடலையையோ குறைக்க வேண்டும். எடை இறங்கி தூக்குவதும் இறங்கினால் புரதத்தைக் கூட்டுவதில் பிரயோஜனம் இல்லை, சோறு போதவில்லை என்று அர்த்தம். மீல் மேக்கர் வயிற்றை நிரப்பிவிடுவதால் சைவர்களிடம் இந்த இரண்டாவது நிலைதான் சத்தமில்லாமல் வரும். இடுப்பு அப்படியே இருந்து எடையும் பெஞ்சும் மெல்ல ஏறினால் எதையும் தொடாதீர்கள்.

அட்டவணை போட்ட மறு வாரமே ஒரு சிக்கல் வந்தது. தம்பி வீட்டில் சனிக்கிழமை ஒருபொழுது, அதை விடமாட்டான், நானும் விடச் சொல்லவில்லை. அன்று ஜிம்முக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். மதியம் ஒரே வேளை இலையில் உட்காரும்போது சோற்றுக்கு முன்னால் 40 கிராம் மீல் மேக்கரும் பருப்பும் கெட்டித் தயிரும் முதலில், மற்ற நேரத்தில் விரதத்துக்கு ஒத்துவரும் பாலும் மோரும் முக்கால் லிட்டர். எழுபதைத் தாண்டிவிடுகிறது. அந்த நெதர்லாந்து ஆய்வு நினைவிருப்பதால் ஒரே வேளையில் கொட்டுகிறோமே என்று நான் கவலைப்படவில்லை. தம்பிதான் கேட்டான், "அண்ணே, அப்ப தினமும் ஒருபொழுதே இருந்துடலாமா?" ஞாயிற்றுக்கிழமை காலை அடையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். பேசாமல் தராசை எடுத்து அடுத்த நாளுக்கான உருண்டைகளை நிறுக்கப் போய்விட்டான்.